பதினைந்து நொடியில் இரண்டு விரல் அளவு

சருமப் பராமரிப்புப் பொருள் ஒன்றைப் பற்றிய பதினைந்து நொடி வீடியோவில் உருப்படியாகக் காட்டக்கூடியது ஒன்றுதான்: அதை எப்படிப் பூசுவது என்பது. பூசியதால் வரும் பலனை அதற்குள் காட்ட முடியாது. பெரும்பாலான கிரீம்களின் பலன் தெரிய வாரங்கள் ஆகும். சன்ஸ்கிரீனின் பலனோ கண்ணுக்கே தெரியாது. வெயிலால் வரவிருந்த கெடுதல் வராமல் போவதுதான் அதன் பலன்; வராத ஒன்றைப் படம் பிடிக்க வழியில்லை. இது புரியாமல் எழுதப்படும் ஸ்கிரிப்டுகள்தான் கடைசி நொடியில் பளபளக்கும் முகத்தைக் காட்டி, பொய்யில் போய் முடிகின்றன.

கையில் நட்டமாகப் பிடித்த போனுக்கென எடுக்கப்படும் இந்த வீடியோக்களின் சட்டகம் 9:16 என்ற விகிதத்தில் இருக்கும். 2020இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் தொடங்கியபோது அதன் உச்ச நீளமே பதினைந்து நொடிதான். பிறகு நீளம் பல மடங்கு கூடிவிட்டது; இருந்தாலும் ஒரு பொருளின் பயன்பாட்டைச் சொல்லிவிட்டு நகர்வதற்கு அந்தப் பழைய அளவே இன்னும் வசதியாக இருக்கிறது. முகத்துக்கான சன்ஸ்கிரீன் ஒன்றை எடுத்துக்கொண்டால் இப்படியொரு வீடியோ எழுத்தில் எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். 50 கிராம் டியூப், எஸ்.பி.எஃப். 50, கேமரா ஒரு போன், நடிக்க ஒரே ஒரு பெண், பேசும் மொழி தமிழ் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, பார்ப்பவர் எந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பது. சன்ஸ்கிரீனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தக் கதிரைத் தடுக்கிறது, எண்ணெய்ப் பசை உண்டா, மேக்கப்புக்கு முன்பா பின்பா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் வீட்டில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே: தேவையைவிடக் குறைவாகப் பூசுவது. டியூபின் மேல் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிப் பார்த்துக் கண்டது. வீட்டில் பலர் எடுப்பது அதில் பாதிகூட இருப்பதில்லை. அப்போது 50 என்ற எண் டியூபில் இருக்கும், முகத்தில் இருக்காது.

மில்லிகிராமை வீட்டில் யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. இதற்கு எளிய கைக்கணக்கு ஒன்றை டெய்லர், டிஃபி என்ற இருவர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். உடலை 11 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடாகப் பிதுக்கிக்கொண்டால் போதும் என்பது அந்தக் கணக்கு. தலை, முகம், கழுத்து மூன்றும் சேர்ந்து ஒரு பகுதி. இந்த இரண்டு விரல் கணக்கு வீடியோவுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. கண்ணால் பார்த்தாலே புரியும், விளக்கம் தேவையில்லை, நட்டமான சட்டகத்துக்குள் இரண்டு விரல்களும் அச்சாகப் பொருந்தும். ஆகவே இந்த வீடியோவின் விஷயம் அளவு. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். பொருளைத் தயாரித்தவருக்கு இது கசக்கும். அவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு சேர்மானமும் சொல்லியே ஆக வேண்டியது. அவற்றுக்கு அட்டைப்பெட்டியில் இடம் இருக்கிறது.

விஷயம் முடிவானதும் பேனாவை எடுப்பதுதான் வழக்கமான அவசரம். அதற்கு முன் டியூபைக் கையில் எடுத்து, ஒருவரைப் பூசச் சொல்லி, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து இரண்டு விரலிலும் கோடு பிதுக்க ஆறேழு நொடி ஆகும். நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளி புள்ளியாக வைக்க இன்னும் எட்டு நொடி. அதைப் பரப்பி முடிக்க அரை நிமிடத்துக்குக் குறையாது. அதாவது நிஜத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும் வேலை பதினைந்து நொடிக்குள் அடங்க வேண்டும். எதை முழுதாகக் காட்டுவது, எதை வெட்டுவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது; சொற்களின் வேலை அதற்குப் பிறகுதான். சொற்களை முதலில் எழுதிவிட்டால் கையசைவுகள் அவற்றின் பின்னால் மூச்சிரைக்க ஓட வேண்டியிருக்கும்.

விஷயம் அளவு என்று முடிவானதால், விரலில் பிதுக்கும் காட்சிக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். புள்ளி வைப்பதையும் ஓரளவு முழுதாகக் காட்டலாம். வெட்டு விழ வேண்டியது பரப்பும் அரை நிமிடத்தில். மூடியைத் திறப்பதைக் காட்டவே வேண்டாம்.

அடுத்து வருவது பேச்சு. தமிழில் நிதானமாக, காதுக்கு உறுத்தாமல் பேசினால் பதினைந்து நொடிக்கு இருபது முதல் இருபத்தைந்து சொற்கள் போகும். நம் சொற்கள் நீளமானவை. ‘எடுத்துக்கோங்க’ என்பது ஒரே சொல்லாக இருந்தாலும் ஒரு நொடியை விழுங்கிவிடும். எனவே சொல்லை எண்ணுவது தோராயத்துக்குத்தான். வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பதே சரியான கணக்கு. மனத்துக்குள் படித்தால் எல்லாமே பத்து நொடியில் முடிந்துவிடும்.

முதல் வரைவுகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஒரு சூப்பரான சன்ஸ்கிரீன்.” வாய்விட்டுப் படித்தால் ஐந்து நொடி போய்விட்டது, பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து நொடி என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. விரல் நுனி அடுத்த வீடியோவுக்குத் தள்ளத் தயாராக இருக்கும்போது வணக்கம் சொல்ல நேரமில்லை. பார்ப்பவர் தினமும் செய்யும் தவறையே முதல் காட்சியாக வைப்பது இதைவிடப் பலன் தரும், ஏனென்றால் அதில் அவர் தன் கையையே பார்க்கிறார்.

இப்போது ஸ்கிரிப்டை நொடிவாரியாக எழுதலாம். முதல் இரண்டு நொடி க்ளோசப். ஒரு விரல் நுனியில் பட்டாணி அளவு கிரீம், பின்னால் மங்கலாக முகம். குரல்: “இவ்வளவு போட்டா பத்தாது.” இரண்டிலிருந்து ஐந்தாவது நொடிவரை அதே கை, அதே கோணம், டியூபின் முனை நடுவிரலில் அடியிலிருந்து நுனிக்கு நகர்கிறது, ஆள்காட்டி விரலில் கோடு ஏற்கெனவே விழுந்திருக்கிறது. குரல்: “ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்துக்கோங்க.” இரண்டு கோடுகளையும் முழுதாகக் காட்ட நேரமில்லை என்பதால் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது இங்குள்ள சின்னத் தந்திரம், பார்ப்பவர் கண் அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். டியூபின் பெயர் முதன்முதலாகத் தெரிவதும் இந்தக் காட்சியில்தான். பெயரைத் தனியாகக் காட்ட ஒரு ஷாட் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லாமல், வேலை செய்துகொண்டிருக்கும் டியூபிலேயே அது பளிச்சென்று படிக்கக் கிடைக்கும்.

ஐந்திலிருந்து ஒன்பதாவது நொடிவரை கேமரா முகத்துக்கு நேராக இருக்கிறது. அந்தப் பெண் புள்ளிகளை வைக்கிறார். குரல்: “நெத்தி, கன்னம், மூக்கு, தாடை... கழுத்தையும் காதையும் விட்டுடாதீங்க.” பெயர் சொல்லும் இடத்தில் விரல் படும் இடமும் அதுவாகவே இருக்க வேண்டும். நெற்றி என்று காதில் விழும்போது கை கன்னத்தில் இருந்தால் பார்ப்பவர் குழம்புவார், ஏன் குழம்பினோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை பரப்பும் காட்சி, குரல் இரண்டே சொற்றொடர்: “தேய்க்க வேண்டாம், பரப்பி விடுங்க.” கடைசி மூன்று நொடியில் அவர் பையை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருகிறார், டியூபைப் பைக்குள் போடுகிறார். குரல்: “ரெண்டு மணி நேரத்துல மறுபடி.” வெயிலில் இருப்பவர் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை, டியூப் பைக்குள் போவது அந்த வாக்கியத்துக்கு உரிய காட்சி. பேச்சு மொத்தம் 22 சொற்கள். மூச்சு விட இடம் இருக்கிறது.

இதில் எழுதுபவரின் நேர்மைக்குச் சோதனை வைப்பது பரப்பும் காட்சிதான். அரை நிமிடத்தை மூன்று நொடியாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேகத்தைக் கூட்டுவது. அப்படிச் செய்தால் கைகள் முகத்தைத் தேய்த்துத் தள்ளுவதுபோல் தெரியும். ‘தேய்க்க வேண்டாம்’ என்ற குரலுக்கு நேர் எதிர்க் காட்சியாகிவிடும். மற்றது வெட்டி ஒட்டுவது: பரப்பத் தொடங்கும்போது ஒரு நொடி, பாதியில் ஒரு நொடி, முடிந்ததும் ஒரு நொடி. அந்த நடு நொடியைத் தூக்கிவிடத்தான் பலருக்குக் கை அரிக்கும், ஏனென்றால் அப்போது முகத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். ஆனால் இருப்பதிலேயே பயனுள்ள நொடி அதுதான். முதல்முறை இரண்டு விரல் அளவு பூசுகிறவர் கண்ணாடியில் அந்த வெள்ளையைப் பார்த்து, ‘அதிகமாகிவிட்டது’ என்று பாதியைத் துடைத்துவிடுவார். வீடியோவில் அதைப் பார்த்திருந்தால் பொறுமையாகப் பரப்புவார். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன்களில் மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஒரு வெளிறிய பூச்சு கடைசிவரை நிற்பதுண்டு. பொருள் அப்படிப்பட்டதென்றால் முடிந்த காட்சியிலும் அது தெரிந்தாகத்தான் வேண்டும். எடிட்டிங்கில் அதை மறைத்து விற்ற டியூப், வாங்கியவரின் கண்ணாடி முன்னால் மாட்டிக்கொள்ளும்.

பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆகவே சொல்லும் விஷயம் திரையில் எழுத்தாகவும் இருக்க வேண்டும், ஆனால் பேசுவதையெல்லாம் அப்படியே எழுதினால் திரை நிரம்பிவிடும். இந்த ஸ்கிரிப்டுக்கு மூன்று வரிகள் போதும்: ‘இது பத்தாது’, ‘2 விரல் அளவு’, ‘2 மணிக்கு ஒருமுறை’. ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு நொடி நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதும் ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட வேண்டிய விஷயம். வீடியோ வெளியான பின் அதன் அடிப்பக்கத்தில் கணக்கின் பெயரும் விளக்கமும், வலது ஓரத்தில் இதயக் குறி முதலிய பொத்தான்களும், உச்சியில் செயலியின் தலைப்புகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் மேலே ஏழில் ஒரு பங்கையும் அவற்றுக்கு விட்டுவிட வேண்டும். மிஞ்சும் நடுப்பகுதியில்தான் விரல்களும் எழுத்தும் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்தில் பூசுவதைக் காட்டும் காட்சி இந்தக் கணக்கை மறந்து எடுக்கப்பட்டால், கழுத்து இருக்கும் இடத்தில் விளக்க வரிகள்தான் தெரியும்.

படமெடுக்கும் வரிசையும் ஸ்கிரிப்டோடு சேர்ந்தே திட்டமிடப்படுகிறது, அது காட்சி வரிசையாக இருக்காது. முகம் சம்பந்தப்பட்ட காட்சிகள் முதலில் முடிய வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் கிரீமைத் துடைத்துக் கழுவிவிட்டு மறுபடி பூசினால், நாலாவது டேக்கில் கன்னம் சிவந்துபோகும். ஈரம் சரியாகக் காயாத தோலிலோ அவசரமாகப் போட்ட மாய்ஸ்சரைசரின் மேலோ சன்ஸ்கிரீன் அழுக்குத் திரள்வதுபோல் உருண்டு உருண்டு வரும். அந்த நிலையில் எடுத்த காட்சி எந்தப் பொருளையும் கேவலமாகக் காட்டும். எனவே முகத்தில் அதிகபட்சம் இரண்டு டேக், அதற்கு முன் வெறும் கையில் ஒத்திகை. விரல் க்ளோசப்புகளைக் கடைசியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நகமும் மோதிரமும் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும்.

போன் கேமராவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெளிச்சத்தை அது தானாகவே கூட்டும், குறைக்கும். வெள்ளைக் கிரீம் சட்டகத்துக்குள் நிறைய வந்ததும் காட்சி சற்று இருளும்; கிரீம் மறைந்ததும் மறுபடி வெளிச்சமாகும். விளைவு, பூசும்போது முகம் மங்கலாக, முடித்ததும் முகம் பளிச்சென்று தெரியும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே ஏமாற்று விளம்பரம் தயாராகிவிடும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. ஜன்னலோர வெளிச்சம் அழகானது, ஆனால் மேகம் வந்து போனால் இதே கதைதான். கடைசியாகச் சேரும் மூன்று துண்டுகளையும் சில நிமிடங்களுக்குள் எடுத்துவிடுவது நல்லது.

நிறத்தைப் பற்றிய இந்தக் கவனம் அழகியலோடு நிற்பதில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் சரும நிற விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வகுத்தது. கறுத்த நிறமுள்ளவரைச் சோகமாகவும் தாழ்வாகவும் காட்டுவதும், நிறத்தோடு வேலை, திருமணம் போன்றவற்றின் வெற்றியை முடிச்சுப் போடுவதும் கூடாது என்பது அவற்றின் சாரம். சன்ஸ்கிரீன் ஸ்கிரிப்டில் ‘கறுக்காமல் இருக்க’ என்ற வரி எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வரி வந்தால் அடுத்து வரும் காட்சியும் அதே வழியில்தான் போகும். மேலே எழுதிய ஸ்கிரிப்டில் முதல் காட்சியில் தவறு செய்வது கை மட்டும்தான்; முகத்தில் வருத்தம் எங்கும் இல்லை.

பணம் வாங்கிக்கொண்டோ பொருளை இலவசமாகப் பெற்றோ ஒருவர் தன் கணக்கில் இதை வெளியிட்டால், விளம்பரம் என்ற அறிவிப்பும் தேவை. அதே மன்றம் 2021இல் கொண்டுவந்த நெறிகளின்படி, 15 நொடியோ அதற்குக் குறைவோ ஓடும் வீடியோவில் இந்த அறிவிப்பு குறைந்தது 3 நொடி திரையில் நிற்க வேண்டும். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே, சாதாரண மனிதருக்குப் புரியும்படி அதை எழுதலாம். பொருளின் பலனை மிகைப்படுத்திக் காட்டும் ஃபில்டர்களையும் அந்த நெறிகள் தடுக்கின்றன. தோலை மழமழவென்றாக்கும் ஃபில்டர் சரும கிரீம் வீடியோவில் என்ன வேலை செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை. மூன்று நொடி என்பது ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அறிவிப்புக்கான இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். இந்த ஸ்கிரிப்டில் அது முதல் நொடியிலிருந்து மூன்றாவது நொடிவரை, சட்டகத்தின் நடுப்பகுதியில் விரல்களுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் நிற்கலாம். கடைசியில் அவசரமாக ஒட்டினால் அது விளக்க வரிகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

இந்த வீடியோக்கள் முடிந்ததும் தானாக மறுபடி ஓடத் தொடங்கும். பைக்குள் போன கை அடுத்த கணமே விரல் நுனியில் கிரீமோடு திரும்பி வருவதுபோல் முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் அமைத்தால், இரண்டாவது சுற்று தொடங்கியதே தெரியாமல் பார்ப்பவர் இன்னும் இரண்டு நொடி இருப்பார். இருந்தால் நல்லது, இதற்காகக் கடைசி வாக்கியத்தைப் பாதியில் வெட்டுவது மட்டும் வேண்டாம்.

வெட்டி ஒட்டி முடித்ததும் முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்க வேண்டும். இரண்டிலும் ‘இரண்டு விரல்’ என்ற விஷயம் தப்பாமல் வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வெளியிட்ட பின் செயலி காட்டும் பார்வை வரைபடத்தில் ஆட்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று தெரியும். இரண்டாவது நொடிக்குள்ளேயே பெருங்கூட்டம் போனால் முதல் காட்சியை மாற்ற வேண்டும். பன்னிரண்டாவது நொடிக்கு மேல் போகிறார்கள் என்றால் கவலையில்லை, அவர்கள் தேவையானதை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து, எத்தனை பேர் கற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. வெளியிடுவதற்கு முன், இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு, அத்தையோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ யாராக இருந்தாலும் சரி, வீடியோவை ஒரே ஒருமுறை காட்டிவிட்டு டியூபைக் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பூசச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு விரலை நீட்டிப் பிதுக்கினால் வீடியோவை வெளியிடலாம். பட்டாணி அளவு எடுத்தால் ஸ்கிரிப்டைத் திரும்ப எழுத வேண்டும்.